“ஒரே ஒரு காபிதானே குடிக்கிறேன்?”

வேளச்சேரியில் இருக்கும் என் சித்தி மகன் காலையில் ஒரு டம்ளர் ஃபில்டர் காபியோடு நிறுத்திக்கொள்பவன். ஆனாலும் இரவு ஒரு மணி வரை தூக்கம் வராது, ஞாயிற்றுக்கிழமை வந்தால் தலைவலி. “ஒரே காபிதானே அண்ணா, அப்புறம் ஏன்?” என்று கேட்டான். சரி என்று, அவன் ஒரு நாளில் சாப்பிட்டது, குடித்தது எல்லாவற்றையும் எழுதிப் பார்த்தோம்.

காலைக் காபியில் சுமார் 80 மி.கி. காஃபீன். மதியம் மெடிக்கல் ஷாப்பில் வாங்கிப் போட்ட தலைவலி மாத்திரையில் 50. நாலு மணிக்கு ஒரு டின் கோலா, 35. ஆறரைக்கு ஜிம்முக்கு முன் ஒரு ஸ்கூப் ப்ரீ-வொர்க்அவுட் பவுடர், 200. சாப்பாட்டுக்குப் பின் பாதி டார்க் சாக்லேட், 40. மொத்தம் 405. ஆரோக்கியமான பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 400 வரை பரவாயில்லை என்கிறார்கள், கர்ப்பிணிகளுக்கு 200தான். காபியை மட்டும் எண்ணியதால் மீதி 325 அவன் கணக்கிலேயே வரவில்லை.

பவுடரில் அவன் செய்த தவறு, நேரம். உடம்பு காஃபீனில் பாதியை வெளியேற்றவே ஏறக்குறைய ஐந்து மணி நேரம் எடுக்கும். ஆறரைக்குக் குடித்த 200-ல் பதினொன்றரைக்கும் 100 மிச்சம் இருக்கிறது. ஒரு டம்ளர் காபி குடித்துவிட்டுப் படுப்பதைவிட அது அதிகம்! கருத்தடை மாத்திரை எடுக்கும் பெண்களுக்கு இந்த நேரம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். ஸ்கூப்பைக் குவித்து அள்ளினால் அளவும் கூடும். டப்பாவில் குவாரானா, கிரீன் டீ எக்ஸ்ட்ராக்ட் என்று இருந்தால் அவற்றிலும் காஃபீன் உண்டு.

எனக்கு அதிகம் கவலை தந்தது அவன் போடும் தலைவலி மாத்திரைதான். ஞாயிறு ஜிம் கிடையாது, கோலாவும் கிடையாது. தினமும் 400 வாங்கிப் பழகிய உடம்புக்குத் திடீரென்று 80 மட்டும் கிடைத்தால் தலை வலிக்கும். அதற்கு அதே மாத்திரையைப் போடுகிறான். அதில் இருக்கும் காஃபீனாலும் வலி அடங்குகிறது; மாத்திரை நன்றாக வேலை செய்கிறது என்று நம்பிவிடுகிறான். இப்படிப்பட்ட கூட்டு மாத்திரைகளை மாதத்தில் பத்து நாளோ அதற்கு மேலோ, மூன்று மாதத்துக்கும் அதிகமாக எடுத்தால், மாத்திரையே தலைவலியை உண்டாக்கலாம். ஒற்றை மாத்திரையாக வெட்டி வாங்கும்போது பெயரும் சேர்மானமும் அச்சான பக்கம் கடையிலேயே தங்கிவிடுகிறது. முழு அட்டையைக் காட்டச் சொல்லி, காஃபீன் இருக்கிறதா என்று பாருங்கள். வெறும் பாராசிட்டமாலில் அது இருக்காது.

எல்லாவற்றையும் ஒரே நாளில் நிறுத்தினாலும் அதே தலைவலிதான் வரும். அவன் முதல் வாரம் பவுடரை அரை ஸ்கூப்பாக்கினான், அடுத்த வாரம் விட்டான், அதற்கப்புறம் கோலாவை. காலைக் காபியைத் தொடவில்லை. நெஞ்சு படபடத்தாலோ வலித்தாலோ இப்படிக் குறைத்துப் பார்த்துக்கொண்டிருக்காமல் உடனே டாக்டரிடம் போக வேண்டும். பவுடர் டப்பாவையும் மாத்திரை அட்டையையும் கையோடு எடுத்துப் போங்கள்.