சென்னை ஃபிளாட்டை ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டு வந்தவர்களுக்கு

வேளச்சேரியிலோ மேடவாக்கத்திலோ இருக்கும் ஃபிளாட்டை வாடகைக்கு விட்டு, "நான் பாத்துக்கறேன் சார், நீங்க நிம்மதியா போயிட்டு வாங்க" என்று சொன்ன ஒருவரிடம் சாவியைக் கொடுத்துவிட்டு விமானம் ஏறியிருப்பீர்கள். நானும் அப்படித்தான் வந்தேன். எழுத்தில் ஒன்றும் கிடையாது. வாடகை அவர் கணக்கில் விழும், அவருடைய கூலி போக மீதி எனக்கு வரும். குடியிருந்தவர் காலி செய்த அன்றுதான் அட்வான்ஸ் 75,000 ரூபாயும் அவரிடமே இருப்பது உறைத்தது. குடியிருந்தவர் கேட்டது என்னைத்தான். நான் கையிலிருந்து போட்டுக் கொடுத்தேன். அந்தப் பணம் திரும்பி வர ஒரு வருடத்துக்கு மேல் ஆனது.

அதனால் வீட்டைப் பார்த்துக்கொள்ளும் மேனேஜரோடு போடும் ஒப்பந்தத்தில் முதலில் எழுத வேண்டியது, பணம் எந்த வழியாகப் போகும் என்பது. வாடகையும் அட்வான்ஸும் குடியிருப்பவரிடமிருந்து நேராக உங்கள் என்.ஆர்.ஓ. கணக்குக்கு, அதாவது வெளிநாட்டில் இருப்பவர்கள் இந்திய வருமானத்துக்கு வைத்திருக்கும் வங்கிக் கணக்குக்கு வரட்டும். நீங்கள் வெளிநாட்டில் குடியேறிவிட்டால் பழைய சேமிப்புக் கணக்கை வங்கியில் சொல்லி என்.ஆர்.ஓ. ஆக மாற்றியாக வேண்டும், அதையும் தள்ளிப்போடாதீர்கள். மேனேஜருக்கு மாதக் கூலி நீங்கள் தனியாக அனுப்புங்கள். அப்படியானால் வாடகை வசூல் என்று அவருக்கு என்ன வேலை? ஐந்தாம் தேதிக்குள் பணம் வரவில்லை என்றால் கேட்பது, பத்தாம் தேதிக்குள்ளும் வராவிட்டால் நேரில் போவது, கரண்ட் பில்லும் மெயின்டனன்ஸும் கட்டியாகிவிட்டதா என்று பார்த்து ரசீதை அனுப்புவது. இதைத் தேதியோடு எழுதிவிடுங்கள்.

வாடகை என்றால் வரியும் வரும். வீட்டுக்காரர் வெளிநாட்டில் இருந்தால், குடியிருப்பவர் வாடகையில் 31.2 சதவீதம் வரி பிடித்துக் கட்ட வேண்டும். 25,000 ரூபாய் வாடகையில் 7,800 ரூபாய் போய்விடும். இதைக் கேட்டதும் பல மேனேஜர்கள், "ஓனர் ஊர்லதான் இருக்காருன்னு சொல்லிடலாம்" என்பார்கள். வேண்டாம். வரி பிடிக்காமல் விட்டால் பின்னால் மாட்டிக்கொள்வது குடியிருப்பவர்தான். வருட வாடகை 3,00,000 என்றால் 30 சதவீதக் கழிவு போக 2,10,000தான் வருமானம். இந்தியாவில் வேறு வருமானம் இல்லாவிட்டால் அது வரி வரம்புக்குள்ளேயே அடங்கிவிடும். ரிட்டர்ன் போட்டால் பிடித்த வரி திரும்பி வரும். மேனேஜர் கூலியைத் தனியாகக் கழிக்க முடியாது, அந்த 30 சதவீதத்துக்குள்ளேயே அதுவும் அடங்கிவிடுகிறது.

அடுத்தது ரிப்பேர். சண்டை வருவதே இங்கேதான். நான் இப்போது வைத்திருக்கும் ஏற்பாடு இது: 3,000 ரூபாய் வரை அவரே செய்துவிட்டு பில்லும் போட்டோவும் அனுப்பலாம். அதற்கு மேல் என்றால் என்னிடம் கேட்டுவிட்டுத்தான். கீழ்வீட்டுக்குத் தண்ணீர் இறங்குவது, கரண்ட் கசிவது மாதிரி அவசரங்களில் மட்டும் முதலில் நிறுத்திவிட்டு அப்புறம் சொன்னால் போதும்.

போன வருடம் கீழ்வீட்டு பாத்ரூம் சீலிங்கில் ஈரத் திட்டு என்று போட்டோ வந்தது. வந்து பார்த்த பிளம்பர், டைல்ஸ் முழுக்க உடைத்து வாட்டர்ப்ரூஃபிங் செய்ய 28,000 கேட்டாராம். நான் ஒரு சோதனை செய்யச் சொன்னேன். பாத்ரூமை ஒரு நாள் யாரும் பயன்படுத்தாமல், குழாய் வால்வை மட்டும் திறந்தே வைப்பது. அப்போதும் சொட்டினால் தண்ணீர் வரும் குழாயில் கசிவு இருக்கிறது. நின்றுவிட்டால் தண்ணீர் வெளியே போகும் வழியிலோ தரையிலோதான் கோளாறு. சொட்டுவது நின்றுவிட்டது. தரையிலிருந்து தண்ணீர் வடியும் நஹானி ட்ராப்பின் ஜாயின்ட்டைப் பிரித்துப் பார்த்தால் ஒரு பக்கம் விரல் நுழையும் அளவுக்கு விட்டிருந்தது. 2,600 ரூபாயில் வேலை முடிந்தது. அந்த 3,000 வரம்பு இல்லாமலிருந்தால் எனக்கு டைல்ஸ் உடைத்த பில்தான் வந்திருக்கும்.

கடைசியாகப் பவர் பத்திரம். வாடகை ஒப்பந்தத்தில் உங்களுக்காக மேனேஜர் கையெழுத்துப் போட வேண்டுமானால் இது வேண்டும். வாடகைக்கு விடுவது, ஒப்பந்தத்தைப் பதிவு செய்வது, வரி கட்டுவது, இவ்வளவு மட்டும் எழுதுங்கள். விற்கவோ அடமானம் வைக்கவோ அதிகாரம் இல்லை என்று ஒரு வரி சேருங்கள். சொந்த மச்சானாகவே இருந்தாலும் சரி. இங்கிருந்து எழுதினால் இந்தியத் தூதரகத்தில் சான்று வாங்கி அனுப்பி, ஊருக்குப் போய்ச் சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டிவிட வேண்டும். மேனேஜரை மாற்றும்போது பவரை ரத்து செய்வதோடு, குடியிருப்பவருக்கும் அசோசியேஷனுக்கும் எழுத்தில் தெரிவித்துவிட்டு, சாவி எத்தனை என்று எண்ணி வாங்கிக்கொள்ளுங்கள்.