மாணவர் கூட்டுறவுக் கடை: இருப்பு எண்ணும் முறை

எல்லாப் பொருளையும் தினமும் எண்ண வேண்டாம். வகுப்புக்கு நடுவே கடை பார்க்கும் மாணவர்களுக்கு அது கட்டுப்படியாகாது. அதிகம் விற்கும் பத்துப் பொருளை மட்டும் ஷிப்ட் மாறும்போது இருவரும் சேர்ந்து எண்ணிக் கையெழுத்திடுங்கள். மற்றவை மாதம் ஒருமுறை போதும்.

காலையில் 60 நோட்டு, இடையில் வந்தது 48, மாலையில் மீதி 71 என்றால், விற்றது 37. பில் புக்கில் 34தான் இருக்கிறதா? உடனே யாரையும் சந்தேகப்படாதீர்கள். முதலில் அந்த 48 எண்ணி எழுதியதா, சலானைப் பார்த்து எழுதியதா என்று கேளுங்கள். கட்டைப் பிரிக்காமல் சலானில் கையெழுத்துப் போட்டால், குறைவாக வந்த சரக்கும் நம் கணக்கில்தான் விழும். அடுத்து, "நாளைக்குத் தர்றேன்" என்று நண்பர்கள் பில் போடாமல் எடுத்துப்போனதைப் பாருங்கள். அதற்குத் தனிக் கடன் நோட்டு வேண்டும்.