இரவு ஷட்டிலுக்குப் பிறகு தூக்கம் வராத சிக்கல் தீர்ந்தது

இரவு 8:30 முதல் 9:30 வரை ஷட்டில் ஆட்டம், 10:30க்குப் படுக்கை. உடம்பு அசந்துபோயிருக்கும், கண் மட்டும் மூடாது. தூக்கம் பிடிக்க 12 மணி தாண்டிவிடும். ஆட்டம் இல்லாத நாளில் படுத்த கொஞ்ச நேரத்தில் தூங்கிவிடுவேன்.

முதலில் மாலைக் காபியை நிறுத்தினேன், மாற்றமில்லை. பிறகு ஆட்டம் முடிந்ததும் பச்சைத் தண்ணீரில் குளித்தேன். தண்ணீர் ரொம்பக் குளிர்ந்திருந்தால் தோலின் ரத்தக் குழாய்கள் சுருங்கும், உள்சூடு வெளியேறத் தாமதமாகும். அதுவும் உதவவில்லை.

வழி காட்டியது நாடித் துடிப்பு. படுத்து ஐந்து நிமிடம் கழித்து மணிக்கட்டில் எண்ணினால், சாதாரண நாளில் 64. ஆட்ட நாளில் 82. உடல் இன்னும் ஓட்டத்திலேயே இருக்கிறது என்று அர்த்தம். தூக்கம் வர உள்சூடும் துடிப்பும் இறங்க வேண்டும். மூச்சு வாங்கும் ஆட்டத்துக்குப் பிறகு அதற்கு ஒரு மணி நேரம் போதாது.

ஆகவே ஆட்டத்தை 6:30க்கு மாற்றினேன். கணக்கில் வைக்க வேண்டியது தொடங்கும் நேரத்தை அல்ல, கடைசிக் கடும் செட் முடியும் நேரத்தை. அதற்கும் படுக்கைக்கும் நடுவே மூன்று மணி நேரம் விட்டதும் தூக்கம் பழையபடி வந்தது.

கோர்ட் 8:30க்குத்தான் கிடைக்கும் நாளில் சிங்கிள்ஸ் கிடையாது, நிதானமான டபுள்ஸ் மட்டும். பேசிக்கொண்டே ஆடும் வேகம் தூக்கத்தைக் கெடுக்கவில்லை. எல்லாருக்கும் இதே இடைவெளி பொருந்தாது. படுக்கும்போது உங்கள் துடிப்பை எண்ணிப் பார்த்துக் கூட்டிக் குறைத்துக்கொள்ளுங்கள்.