"சிவா 2000" என்று மட்டும் எழுதி வைத்தால்

2018இல் எங்கள் வீட்டுச் சாமத்தியச் சடங்கு முடிந்த இரவு, களைப்பில் என்வலப்புகளை எல்லாம் உடைத்து, காசை ஒரு பக்கம் குவித்து, கொப்பியில் பெயரும் தொகையுமாக எழுதி முடித்தோம். பிறகு ஒரு கலியாண வீட்டுக்குப் போக வெளிக்கிட்டபோது அந்தக் கொப்பியைத் திறந்தால் "சிவா 2000" என்று இருக்கிறது. எங்களுக்குத் தெரிந்த சிவா மூன்று பேர். தர்மபுரத்துச் சிவாவா, புளியங்குளத்துச் சிவாவா, அவருடைய மச்சான் சிவாவா? என்வலப்பையும் அடுப்பில் போட்டாச்சு.

அதனால் ஒருவர் உடைத்து வாசிக்க, மற்றவர் எழுதட்டும். பெயரோடு ஊர், யாருடைய ஆள், எந்தச் சடங்கு என்பதும் வேண்டும். ஒவ்வொரு என்வலப்பிலும் கொப்பியில் உள்ள இலக்கத்தைப் போட்டு, கையில் உள்ள காசும் கூட்டுத்தொகையும் சரிவரும் வரைக்கும் ஒன்றையும் எறியவேண்டாம். பெயரில்லாத என்வலப் இரண்டு மூன்று எப்படியும் வரும், அதைத் தனியாக எழுதி வையுங்கள், யாராவது "நாங்கள் தந்தது கிடைச்சதோ" என்று கேட்கும்போது பிடிபடும். கனடாவில் இருக்கும் பெரியம்மா இன்னொருவர் கையில் கொடுத்துவிட்டது, கொண்டு வந்தவர் பெயரில் பதிவாகிவிடக்கூடாது.

இன்னொரு பிழை, வந்ததை மட்டும் எழுதுவது. நாங்கள் கொடுத்ததையும் அதே வரியின் எதிர்ப்பக்கத்தில் திகதியோடு எழுதாவிட்டால், திருப்பிக் கொடுத்த வீட்டுக்கே கணக்குத் தெரியாமல் மறுபடி கொடுப்போம், கொடுக்காத வீட்டை மறப்போம். செத்த வீட்டுக்குக் கொடுத்தது வேறு கதை, அதை இதோடு கலக்காதீர்கள்.

2018இல் வந்த 2,000க்கு இன்றைக்கும் 2,000 வைப்பதுதான் ஆட்களை உண்மையாகவே மனவருத்தப்பட வைக்கிறது. 2022 நெருக்கடிக்குப் பிறகு சாமான் விலை ஏறக்குறைய இரண்டு மடங்கு, ஆகவே அந்த 2,000 இப்போது 4,000க்குச் சமம். கொப்பியில் வருடம் இல்லாவிட்டால் இந்தக் கணக்கே போட முடியாது.

இனி காசு. சடங்கில் வந்த தொகையை வருமானமாக நினைத்து மதில் கட்டி முடித்தவர்கள் பிறகு ஆவணியில் முழிப்பதைப் பார்த்திருக்கிறேன். ஆடியில் யாரும் கலியாணம் வைப்பதில்லை, எல்லாம் ஆவணிக்குத் தள்ளி ஒரே கிழமையில் இரண்டு மூன்று என்வலப் கேட்கும். சிறுபோக நெல்லும் அந்த நேரத்தில்தான் வெட்டுப்படும், விற்ற காசு கைக்கு வராது. ஆகவே காலபோக நெல் விற்றவுடனே, மாசி பங்குனியில், கொப்பியைப் புரட்டுங்கள். எந்த வீட்டில் பதினொன்று பன்னிரண்டு வயதில் பிள்ளை, எங்கே கலியாணம் பேசி முடிந்திருக்கு என்று பென்சிலால் அடையாளம் போடுங்கள். எங்களுக்கு இந்த வருடம் எட்டு வீடு தேறியது. அவர்கள் 2018இல் தந்தது மொத்தம் 19,000, இன்றைய விலைக்கு 38,000, எதிர்பாராமல் வரும் இரண்டுக்கு ஐயாயிரம் படி பத்தாயிரம், ஆக 48,000. அதை நெல்லுக் காசிலிருந்து எடுத்துத் தனி வங்கிப் புத்தகத்தில் போட்டுவிட்டோம், உர காசுக்குத் தட்டுப்பட்டபோதும் தொடவில்லை, மனிசி விடவில்லை என்பதுதான் சரி.