வரி விளம்பரக் கட்டணம்: கணக்கு எங்கே தப்புகிறது?

வீடு வாடகைக்கு, பழைய ஸ்கூட்டர் விற்பனைக்கு, கடைக்கு ஆள் தேவை என்று பேப்பரில் வரி விளம்பரம் கொடுக்கப் போகிறவர்கள் பெரும்பாலும் ஒரே ஒரு விலையைத்தான் கேட்டுக்கொண்டு வருகிறார்கள்: ஒரு வரிக்கு எவ்வளவு? அதை வரி எண்ணிக்கையால் பெருக்கி ஒரு தொகையை மனதில் வைத்துக்கொண்டு ஏஜென்ஸிக்குப் போனால், அங்கே பில் வேறாக வருகிறது. ஏஜென்ஸிக்காரர் ஏமாற்றுகிறார் என்று தோன்றும். பெரும்பாலும் அப்படி இல்லை. நாம் கணக்குப் போட்ட முறையில்தான் ஓட்டை இருக்கிறது.

ஒரு விளம்பரத்தை எடுத்துக்கொண்டு முழுதாகப் போட்டுப் பார்ப்போம். விலை பேப்பருக்குப் பேப்பர், பதிப்புக்குப் பதிப்பு மாறும் என்பதால், இங்கே கணக்குக்காக நானே வைத்துக்கொண்ட விலைதான்: ஒரு வரிக்கு 120 ரூபாய், குறைந்தபட்சம் 5 வரி, ஒரு வரிக்கு 20 எழுத்து, பின்னணியில் கலர் வேண்டுமானால் 25 சதவீதம் கூடுதல். விளம்பரம் மூன்று நாள் வர வேண்டும்.

வீட்டுக்காரர் எழுதிக் கொண்டுவந்த வாசகம், 20 எழுத்து அகலத்தில் அடுக்கினால் இப்படி விழுகிறது:

மதுரை அண்ணாநகரில் முதல் மாடியில்
இரண்டு படுக்கையறை, ஹால்,
சமையலறை கொண்ட காற்றோட்டமான வீடு
வாடகைக்கு விடப்படும். மாநகராட்சி
தண்ணீர், போர்வெல் தண்ணீர் வசதி
உள்ளது. தொடர்புக்கு செல்:
××××××××××

ஏழு வரி. ஒரு நாளைக்கு 7 × 120 = 840 ரூபாய். மூன்று நாளைக்கு 2,520. கலருக்கு அதில் 25 சதவீதம், 630. மொத்தம் 3,150. பேப்பரில் விளம்பர இடத்துக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம், அதாவது 157 ரூபாய் 50 காசு. கட்ட வேண்டியது 3,307 ரூபாய் 50 காசு.

இதே விளம்பரத்துக்கு 2,730 ரூபாய் என்று கணக்குப் போட்டுக்கொண்டு வருகிறவர்கள் உண்டு. மூன்று நாள் 2,520, கலருக்கு 840-இல் கால் பங்கு 210, கூட்டினால் 2,730. கலரை ஒரே ஒரு நாளுக்குப் போட்டுவிட்டார்கள், ஜி.எஸ்.டி.யையும் மறந்துவிட்டார்கள். கலர் என்பது விளம்பரம் வெளிவரும் ஒவ்வொரு நாளும் அச்சில் போகிறது. அதனால் கூடுதல் கட்டணமும் ஒவ்வொரு நாளும் உண்டு. விட்டுப்போன இரண்டு நாள் கலரும் ஜி.எஸ்.டி.யும் சேர்ந்துதான் 577 ரூபாய் 50 காசு வித்தியாசம் வந்தது.

ஆனால் இதைவிடப் பெரிய தவறு வரி எண்ணிக்கையில் நடக்கிறது. மேலே உள்ள கணக்கில் ஒரு வரியை மட்டும் தனியே எடுத்துப் பாருங்கள். 120 ரூபாய், மூன்று நாளால் பெருகி 360, கலர் சேர்ந்து 450, ஜி.எஸ்.டி. சேர்ந்து 472 ரூபாய் 50 காசு. நாளும் கலரும் ஜி.எஸ்.டி.யும் ஒவ்வொரு வரியின் மேலும் ஏறி உட்காருகின்றன. கடைசி வரியில் செல் நம்பர் மட்டும் தனியாகத் தொங்குகிறதே, அந்தப் பத்து இலக்கத்துக்கு வீட்டுக்காரர் கொடுப்பது 472 ரூபாய் 50 காசு. வரியில் பாதி காலியாக இருந்தாலும் முழு வரியாகத்தான் எடுத்துக்கொள்வார்கள்.

அப்புறம், எழுத்துகளைக் கூட்டி இருபதால் வகுத்து வரி எண்ணிக்கை கண்டுபிடிப்பது இன்னொரு தவறு. மேலே உள்ள வாசகத்தில் இடைவெளியும் புள்ளியும் சேர்த்து வரிவரியாக எண்ணினால் 20, 16, 20, 20, 19, 16, 10. கூட்டினால் 121. வரி முடியும் இடங்களில் வரும் ஆறு இடைவெளியைச் சேர்த்தாலும் 127. இருபதால் வகுத்தால் 6.35தான் வருகிறது. கொஞ்சம் சுருக்கினால் ஆறு வரிக்குள் அடங்கிவிடும் என்று தோன்றும். ஆனால் இரண்டாவது வரியில் ‘ஹால்,’ முடிந்த பிறகு நான்கு இடம் மிச்சம் இருந்தும் ‘சமையலறை’ அங்கே நுழையாது, அடுத்த வரிக்குப் போய்விடும். ஆறாவது வரியிலும் அதே கதை. சொல் உடையாமல் இறங்குவதால் விரயமாகும் இடங்களும் நம் கணக்கில்தான் சேரும். அதனால் கூட்டி வகுப்பதை விட்டுவிட்டு, கட்டம் போட்ட தாளில் வரிவரியாக அடுக்கி எழுதிப் பார்ப்பதுதான் நம்பகமான வழி.

எழுத்தை எண்ணுவதிலும் தமிழுக்கென்று ஒரு சிக்கல் இருக்கிறது. ‘தொடர்புக்கு’ என்ற சொல்லில் நம் கண்ணுக்கு ஆறு எழுத்து: தொ, ட, ர், பு, க், கு. அதையே எக்ஸெலில் போட்டு `LEN` கொடுத்தால் 11 என்று வரும். கணினி யூனிகோடில் உயிர்மெய்க் குறியையும் புள்ளியையும் தனித்தனியாக எண்ணுகிறது. ஆன்லைனில் புக் செய்யும் பக்கத்தில் எழுத்து எண்ணிக்கை காட்டும் பெட்டி இருந்தால், அது எந்த முறையில் எண்ணுகிறது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். ‘தொடர்புக்கு’ என்று மட்டும் அடித்துப் பார்த்தால் போதும். 6 காட்டினால் ஒரு முறை, 11 காட்டினால் வேறு முறை. அச்சில் போகும்போதோ இரண்டும் இல்லை, அகலம்தான் கணக்கு. ‘ர’ ஒடுங்கி நிற்கும், ‘ணை’ இரண்டு மூன்று எழுத்தின் இடத்தைப் பிடிக்கும். எனவே ‘வரிக்கு 20 எழுத்து’ என்பதைத் தோராயமாக எடுத்துக்கொண்டு, பணம் கட்டும் முன் அவர்கள் மென்பொருளில் வரி எப்படி உடைகிறது என்று ஒரு புரூஃப் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

சரி, வாசகத்தைச் சுருக்கலாம். மதுரைப் பதிப்பில், ‘வாடகைக்கு’ என்ற தலைப்பின் கீழ்தான் இது வரப்போகிறது. அப்படியிருக்க ‘மதுரை’, ‘வாடகைக்கு விடப்படும்’ இரண்டும் தேவையில்லை. ‘கொண்ட’, ‘வசதி உள்ளது’, ‘தொடர்புக்கு’ எல்லாம் போனாலும் யாருக்கும் பொருள் குறையாது. இப்போது:

அண்ணாநகர் முதல் மாடி, இரு
படுக்கையறை, ஹால், சமையலறை,
காற்றோட்டமான வீடு. மாநகராட்சி,
போர் தண்ணீர். வாடகை 12,000.
செல்: ××××××××××

ஐந்து வரி. ஒரு நாளைக்கு 600, மூன்று நாளைக்கு 1,800, கலருக்கு 450, ஜி.எஸ்.டி. 112 ரூபாய் 50 காசு. மொத்தம் 2,362 ரூபாய் 50 காசு. 945 ரூபாய் மிச்சம். அதோடு, முதல் வாசகத்தில் இல்லாத வாடகைத் தொகையும் உள்ளே வந்துவிட்டது. ‘வாடகை எவ்வளவு சார்?’ என்று மட்டும் கேட்டு வைக்கும் போன்கள் பாதி குறையும்.

வாடகைத் தொகையை எடுத்துவிட்டு, ‘செல்:’ என்பதையும் நீக்கினால் ‘போர் தண்ணீர்.’ என்ற வரியிலேயே எண் உட்கார்ந்து, நாலு வரியில் முடித்துவிடலாம். ஆனால் அப்படிச் செய்து ஒரு பைசா பயன் இல்லை. குறைந்தபட்சம் ஐந்து வரி என்று இருக்கும்போது நாலு வரி விளம்பரத்துக்கும் ஐந்து வரிக் காசுதான். இதைத் தெரியாமல் வாசகத்தை எலும்பும் தோலுமாகச் செதுக்கிக்கொண்டு வருகிறவர்கள் பாவம், காசு கொடுத்த ஒரு வரியைச் சும்மா விட்டுவிட்டுப் போகிறார்கள். குறைந்தபட்ச வரி எத்தனை என்று முதலில் கேட்டு, அந்த எண்ணிக்கையை நிரப்பும்படி எழுதுவதுதான் சரி. சில இடங்களில் முதல் சில வரிகளுக்கு ஒரு தொகுப்பு விலையும், அதற்கு மேல் ஒவ்வொரு வரிக்கும் வேறு விலையும் இருக்கும். முதல் 5 வரி 600, கூடுதல் வரி 140 என்றால் ஏழு வரிக்கு 880 ஆகும். 600-ஐ ஐந்தால் வகுத்து 120 என்று எடுத்துக்கொண்டவருக்கு நாளொன்றுக்கு 40 ரூபாய் உதைக்கும்.

இனி நாள் கணக்கு. ‘இரண்டு நாள் காசு கட்டினால் மூன்றாம் நாள் இலவசம்’ என்ற மாதிரி சலுகைகள் வருவதுண்டு. நம் ஏழு வரி விளம்பரத்துக்கே போட்டால், இரண்டு நாள் 1,680, கலர் 420, ஜி.எஸ்.டி. 105, மொத்தம் 2,205. ஆனால் இலவசம் வரிக்கு மட்டும்தான், கலருக்கு மூன்று நாளும் காசு உண்டு என்று விதி இருந்தால்? அப்போது கலர் 630, ஜி.எஸ்.டி. 115 ரூபாய் 50 காசு, மொத்தம் 2,425 ரூபாய் 50 காசு. சலுகை என்றதும் தலையாட்டாமல், ‘இலவச நாளில் கலரும் இலவசமா?’ என்று ஒரு கேள்வி கேட்டுவிட்டால் 220 ரூபாய் 50 காசுக்கு விடை கிடைத்துவிடும். மூன்று நாளும் அடுத்தடுத்து வர வேண்டுமா, விட்டுவிட்டு வரலாமா என்பதையும் கேளுங்கள். வீட்டு விளம்பரத்துக்கு ஞாயிற்றுக்கிழமை முக்கியம். அன்றைக்குத்தான் பலர் நிதானமாகப் பார்க்கிறார்கள். அன்றைக்கு மட்டும் வரிக்கட்டணம் கூடுதலாக இருந்தால், ஒரே விலையை மூன்றால் பெருக்கக் கூடாது. அந்த நாளைத் தனியாகப் போட்டுக் கூட்ட வேண்டும். இடையில் வாசகத்தை மாற்றினால் புது விளம்பரமாக எடுத்துக்கொண்டு சலுகையை நிறுத்திவிடுவார்களா என்பதும் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டியது.

கலருக்குச் சதவீதமா, நாளுக்கு இவ்வளவு என்று நிலையான தொகையா என்பதில் பலர் கவனம் வைப்பதில்லை. நாளுக்கு 200 ரூபாய் நிலையான தொகை என்றால், ஏழு வரி விளம்பரத்துக்கு அது சதவீதக் கணக்கைவிட (210) கொஞ்சம் மலிவு. சுருக்கிய ஐந்து வரிக்கோ சதவீதக் கணக்கில் 150-தான் வரும். நிலையான தொகையில் 50 ரூபாய் அதிகம். தடித்த எழுத்தும் வேண்டும், அதற்கு 10 சதவீதம் என்றால், அடிப்படைத் தொகையின் மேல் 25-ம் 10-ம் சேர்த்து 35 சதவீதமா, கலர் சேர்ந்த தொகையின் மேல் 10 சதவீதமா என்று கேளுங்கள். 2,520 ரூபாய்க்கு முதல் முறையில் 882 கூடும், இரண்டாவதில் 945.

பதிப்பும் இப்படியே பெருக்கும். தினத்தந்தி, தினமலர் போன்றவை பல ஊர்ப் பதிப்புகளாக வருகின்றன. மதுரை அண்ணாநகர் வீட்டுக்குச் சென்னைப் பதிப்பில் விளம்பரம் வந்து ஆகப்போவது எதுவும் இல்லை, அதனால் பில்லில் எந்தப் பதிப்பு என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பில்லைச் சரிபார்க்கும்போது இந்த வரிசையில் போங்கள்: வரிக்கட்டணம், அதை நாளால் பெருக்கல், சலுகைக் கழிவு, கலர், கடைசியில் ஜி.எஸ்.டி. கலருக்கு முன்பே ஜி.எஸ்.டி.யைப் போட்டால் தொகை குறைவாக வரும். சலுகையைக் கழிக்காமல் போட்டால் கூடுதலாக வரும். ஏஜென்ஸி தன் சேவைக் கட்டணம் என்று எதையாவது தனியாகச் சேர்த்திருந்தால் அது பேப்பரின் கட்டணம் இல்லை, அதைப் பில்லில் பிரித்துக் காட்டச் சொல்லுங்கள்.

முதல் நாள் காலையில் பேப்பர் வந்ததும் செல் எண்ணை இலக்கம் இலக்கமாகப் படியுங்கள். தப்பாக அச்சாகியிருந்தால், பொதுவாக ஒரு நாள் பிழைக்குத்தான் பத்திரிகை பொறுப்பேற்கும். நாம் சொல்லாமல் விட்டால் மற்ற இரண்டு நாளும் அதே தப்பான எண்ணோடு வந்து, கட்டிய காசு திரும்பாது. அடுத்த நாள் பக்கம் முடிக்கும் நேரத்துக்கு முன்னால் தெரிவித்தால்தான் திருத்த முடியும், அதனால் அந்த நேரத்தையும் புக் செய்யும்போதே கேட்டு ரசீதின் ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.