ஆண்டு விழா படத்துக்கு கேப்ஷன்: வேஷத்தை விட்டு உழைப்பைப் பாராட்டி எழுதும் முறை

ஆண்டு விழா முடிந்த இரவே வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் படம் ஏறிவிடும். கூடவே ‘எங்க வீட்டு பாரதியார்’, ‘குட்டி ஜான்சி ராணி’ என்று ஒரு வரி. வேஷம் பெரியதாக இருந்தால் எழுதுவது சுலபம். பின்வரிசைப் பிள்ளைக்கு எழுத உட்கார்ந்தால்தான் கை ஓடாது. ஆனால் யாருக்கு என்ன வேஷம் என்பதை முடிவு செய்வது டீச்சர். உயரம், குரல், அன்று யார் லீவு என்பதெல்லாம் அதில் சேரும். பிள்ளையின் கையில் இருந்தது ஒத்திகை மட்டும்தான். கேப்ஷனும் அதைப் பற்றி இருக்கட்டும்.

ஒரு உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். மூன்றாம் வகுப்புப் பையன், பள்ளி வில்லுப்பாட்டில் பின்பாட்டு. ஐந்தாம் வகுப்பு அக்கா வீசுகோலால் வில்லைத் தட்டிக் கதை சொல்வாள். அவள் நிறுத்தும் இடத்தில் இவன் ‘ஆமா’ போட வேண்டும், ஜால்ரா தட்ட வேண்டும். அவ்வளவுதான் பங்கு.

1. முதலில் விவரம் கேளுங்கள்

‘எப்படி இருந்துச்சு?’ என்று கேட்டால் ‘சூப்பர்’ என்பதோடு பேச்சு முடிந்துவிடும். ‘எந்த இடம் முதல்ல வரவே இல்ல?’ என்று கேளுங்கள். அதற்குப் பதில் வந்ததும் ‘அப்புறம் எப்படி வந்துச்சு?’ என்று கேளுங்கள். நம் பையன் சொல்கிறான்: “அக்கா முடிக்கறதுக்குள்ள நான் ஆமா சொல்லிடுவேன். மிஸ் திட்டுவாங்க. அப்புறம் அக்கா கோலை ஓங்கறதையே பார்த்துட்டு இருந்தேன்.” கேப்ஷனுக்கு வேண்டிய சரக்கு முழுக்க இதில் இருக்கிறது: வராத இடம் எது, அதற்கு அவன் கண்டுபிடித்த வழி எது.

2. வராதது, செய்தது, வந்தது

பலரும் முதலில் எழுதுவது இப்படி இருக்கும்:

‘சின்ன ரோல்தான், ஆனாலும் செல்லம் கலக்கிட்டான்! உழைப்பே உயர்வு.’

‘ஆனாலும்’ வந்தவுடனே அது ஆறுதல் ஆகிவிடுகிறது. ரோல் சின்னது என்று அதுவரை நினைக்காத பிள்ளைக்கும் இப்போது தெரிந்துவிடும். ‘உழைப்பே உயர்வு’ எந்தப் பிள்ளைக்கும் பொருந்தும். அதனாலேயே இவனுக்குப் பொருந்தவில்லை. மாற்றி எழுதினால்:

‘ஆரம்பத்தில் “ஆமா” முந்திக்கொண்டு வந்துவிடும். அக்காவின் வீசுகோலைப் பார்த்துப் பார்த்துப் பழகினான். இன்று ஒரு “ஆமா”கூட முந்தவில்லை.’

இதில் புகழ்ச்சிச் சொல் ஒன்றுமில்லை. தேவையும் இல்லை. மேடையில் ஒன்று முந்தியிருந்தால் ‘இன்று ஒன்றே ஒன்றுதான் முந்தியது’ என்று எழுதுங்கள். பொய்யாக எழுதினால் பிள்ளைக்குத்தான் முதலில் தெரியும். வில்லுப்பாட்டு என்ற பெயரைக்கூடச் சொல்ல வேண்டாம், படத்தில் வில் தெரிகிறது.

‘பிறவிக் கலைஞன்’, ‘ரத்தத்திலேயே ஊறினது’ போன்றவற்றையும் தவிருங்கள். உளவியல் ஆய்வாளர்கள் கிளாடியா மியூல்லர், கரோல் டுவெக் இருவரும் 1998-இல் வெளியிட்ட ஆய்வில், ‘நீ புத்திசாலி’ என்று பாராட்டப்பட்ட பிள்ளைகள் கடினமான புதிர்களில் தோற்றதும் சீக்கிரம் சோர்ந்தார்கள்; ‘நன்றாக முயன்றாய்’ என்று கேட்டவர்கள் விடாமல் தொடர்ந்தார்கள். அடுத்த ஆண்டு விழாவில் வேறு வேஷம் வந்தால், பிறவிக் கலைஞனுக்கு என்ன செய்வதென்று தெரியாது. கோலைப் பார்த்துப் பழகியவனுக்குத் தெரியும்.

3. உழைப்பு முதல் வரியில் வரட்டும்

இன்ஸ்டாகிராமில் ஏறக்குறைய 125 எழுத்துக்குப் பிறகு மீதி மறைந்துகொள்ளும். தமிழில் ‘கோ’ என்பது ஓரெழுத்தாக இருந்தாலும் கணினிக்கு அது இரண்டு. அதனால் பத்துப் பன்னிரண்டு சொற்களிலேயே இடம் தீர்ந்துவிடும். டீச்சருக்கு நன்றி, ஹேஷ்டேக் எல்லாம் கீழே போகட்டும்.

4. போடும் முன் பிள்ளையிடம் படித்துக் காட்டுங்கள்

‘முந்திக்கொண்டு வந்துவிடும்’ என்று ஊருக்கே சொல்வது அவனுக்குப் பிடிக்காமல் இருக்கலாம். அப்போது வராததை எடுத்துவிட்டு, செய்ததை மட்டும் வையுங்கள்: ‘அக்காவின் வீசுகோலை விட்டுக் கண்ணை எடுக்காமல் பழகிய பையன்.’ பள்ளிப் பெயர், வகுப்பு, பிரிவு வேண்டாம். மற்ற பிள்ளைகளின் முகம் தெரிந்தால் படத்தை வெட்டிக்கொள்ளுங்கள்.

பெரிய வேஷத்துக்கும் முறை இதேதான். பாரதியாராக நடித்த பெண்ணுக்கு: ‘நீளமான வசனம். தினமும் இரண்டு வரி, சாப்பிடும்போது ஒரு தடவை, தூங்கும்முன் ஒரு தடவை. இன்று தாளைப் பார்க்காமல் சொன்னாள்.’

மேடையில் திகைத்து அழுதுவிட்ட பிள்ளைக்கு மட்டும் கேப்ஷன் எழுத அவசரப்பட வேண்டாம். ஒத்திகையில் செய்ததை நேரில் சொல்லுங்கள். அந்தப் படத்தைப் போடலாமா என்பதை, இரண்டு நாள் கழித்து, அதனிடமே கேட்டுக்கொள்ளலாம்.