புது டாக்டர் வரவேற்புப் பதிவில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தருமபுரியில் சில மருத்துவமனைகளுக்குச் சமூக வலைதளப் பதிவுகள் எழுதித் தருகிறேன். சேலத்திலிருந்து வாரம் இரண்டு நாள் வந்துபோகும் எலும்பு மூட்டு மருத்துவர் ஒருவருக்காக முன்பு இப்படி எழுதினேன்: "மூட்டு வலிக்கு நிரந்தரத் தீர்வு! எங்கள் மருத்துவமனையில் இப்போது... மாலை 5 முதல் 8 வரை. முன்பதிவு அவசியம்."

அந்த வாரமே ஏரியூர் பக்கமிருந்து ஒரு பாட்டி மகனோடு இரண்டு பஸ் மாறி வந்தார். மணி 7. டாக்டர் வரும் நாளிலேயே டோக்கன் 6.30-க்கு முடிந்துவிடும். அது மட்டுமல்ல, அன்று டாக்டர் வரும் நாளே இல்லை. பாட்டி திரும்பிப் போனதற்கு என் வரிகள்தான் காரணம்.

நாள் எழுதாவிட்டால் படிப்பவர் தினமும் என்றே எடுத்துக்கொள்வார். டாக்டர் எத்தனை மணி வரை இருப்பார் என்பதைவிடக் கடைசி டோக்கன் எப்போது என்பதுதான் வெளியூர்க்காரருக்கு முக்கியம். அதை வரவேற்பு மேசையில் டோக்கன் போடுபவரிடமே கேட்டு எழுதுங்கள். நிர்வாகம் சொல்லும் நேரமும் மேசையில் நடப்பதும் பல சமயம் வேறாக இருக்கும்.

"முன்பதிவு அவசியம்" என்பதோடு நிறுத்துவதும் தவறுதான். எந்த எண்ணுக்கு, எத்தனை மணிக்குள் கூப்பிடுவது, என்ன சொல்வது என்று வரிசையாக வர வேண்டும். இன்னொன்று, வாட்ஸ்அப்பில் பல சமயம் படம் மட்டும்தான் கைமாறும், கீழே எழுதியது கூடவே போகாமல் போகலாம். அதனால் நாள், நேரம், போன் எண் மூன்றும் படத்துக்குள்ளேயே இருக்கட்டும்.

அப்புறம் அந்த "நிரந்தரத் தீர்வு". நோயாளியைப் பார்ப்பதற்கு முன்பே யாரும் தர முடியாத வாக்கு அது. மருத்துவர்களுக்கான 2002 நன்னடத்தை விதிமுறைகள் நோயாளிகளை இழுக்கும் விளம்பரத்தைத் தடுக்கின்றன. தொழில் தொடங்குவது, முகவரி மாறுவது போன்ற முறையான அறிவிப்புகளுக்கு இடம் தருகின்றன. உரிய சிறப்புப் படிப்பு இல்லாதவர் அந்தத் துறையின் சிறப்பு மருத்துவர் என்று சொல்லிக்கொள்ளவும் கூடாது. எனவே பட்டத்தையும் பதிவு எண்ணையும் டாக்டரிடமே வாங்கி, எழுத்து மாறாமல் போடுங்கள். "வலியில்லாமல்", "100% குணம்", "நம்பர் ஒன்" எதுவும் வேண்டாம். குணமானவர் படமும் வேண்டாம்.

பிறகு நான் மாற்றி எழுதியது இது:

"எலும்பு மூட்டு மருத்துவர் (பெயர், பட்டம், பதிவு எண்) அவர்களை வரவேற்கிறோம். திங்கள், வியாழன் மட்டும், மாலை 5 முதல் 8 வரை. கடைசி டோக்கன் 6.30. முன்பதிவுக்கு அன்று காலை 9 முதல் மதியம் 2-க்குள் (எண்) அழைத்து நோயாளியின் பெயர், வயது, ஊர் சொல்லுங்கள். மேசையில் டோக்கன் வாங்க 6.30-க்கு அரை மணி நேரம் முன்னதாகவே வாருங்கள். பழைய எக்ஸ்ரே, மருந்துச் சீட்டு இருந்தால் எடுத்து வாருங்கள். வெளியூரிலிருந்து வருபவர்கள் கிளம்பும் முன் ஒருமுறை அழைத்து, டாக்டர் வருவதை உறுதி செய்துகொள்ளுங்கள்."